வானத்துல ஏன் வரி விழுது?

குத்துக்கல்வலசையில எங்க வீட்டு மொட்டை மாடியில நின்னா மேற்கே மலை தெரியும். சூரியன் மலைக்குப் பின்னாடி இறங்கினதும் வானம் கருநீலத்துல இருந்து மெல்ல வெளிறி வர்றது அவ்வளவு அழகு. எங்க டிபார்ட்மென்ட் சிம்போசியத்துக்கு அதையே ஆறடிக்கு நாலடி ஃபிளெக்ஸா போடலாம்னு நான்தான் சொன்னேன். லேப்டாப்ல வெண்ணெய் மாதிரி இருந்த வானம், பேனர்ல படிக்கட்டு மாதிரி வந்து நின்னுச்சு. விரல் அகலத்துக்குக் கோடு கோடா. இதுக்குப் பேருதான் பேண்டிங்.

முதல்ல மெஷினைத்தான் திட்டினோம். கடை அண்ணாச்சி கோபப்படாம, "தம்பி, இதே ஃபைலைக் குறுக்கால திருப்பி ஒரு சின்னத் துண்டு அடிச்சுப் பார்ப்போம்"னார். அருமையான சோதனை. ஹெட் அடைச்சிருந்தா கோடு எப்பவும் ஹெட் ஓடுற திசையிலதான் விழும். எங்க கோடு படத்தோட சேர்ந்து திரும்பிடுச்சு. அப்போ தப்பு ஃபைல்லதான்.

கணக்கைப் பாருங்க. 8 பிட்ல ஒரு சேனலுக்கு 256 அளவுகள் உண்டு. எங்க வானத்துல நீலம் 40ல இருந்து 72 வரைக்கும்தான் மாறுது, அதாவது 32 படி. மத்த ரெண்டு நிறமும் அதைவிடக் குறைவு. வானத்தோட உயரம் 40 அங்குலம். 40ஐ 32ஆல வகுத்தா ஒரு படிக்கு ஒண்ணேகால் அங்குலம்! லேப்டாப் திரையில அதே படி சில மில்லிமீட்டர்தான், அதனால கண்ணுல படல. நம்ம கண்ணு வேற, ரெண்டு நிறம் சேர்ற விளிம்பை இருக்கிறதைவிடத் தூக்கலா காட்டும்.

இதுக்கு மருந்து நாய்ஸ். விசித்திரமா இருக்கும், அழுக்கைச் சேர்த்தா படம் சுத்தமாகுது. ஒரு இடத்தோட உண்மையான மதிப்பு 50.3ன்னு வைங்க. ரவுண்ட் பண்ணினா அங்க எல்லாமே 50. ரவுண்ட் பண்றதுக்கு முன்னாடி கொஞ்சம் தாறுமாறா ஆட்டிவிட்டா சில பிக்சல் 49, பல 50, சில 51ன்னு விழுந்து, சராசரி 50.3க்கே வரும். தள்ளி நின்னு பார்க்கிற கண்ணுக்குச் சராசரிதான் தெரியும். நீங்களே ஓட்டிப் பாருங்க:

```python
import numpy as np
from PIL import Image
g = np.tile(np.linspace(40, 72, 1600), (300, 1))
n = np.random.triangular(-1, 0, 1, g.shape)
both = np.vstack([np.rint(g), np.rint(g + n)])
Image.fromarray(both.astype(np.uint8)).save("sky.png")
```

மேல் பாதியில படி தெரியும், கீழ்ப் பாதியில தெரியாது. அறையை இருட்டாக்கிட்டுப் பார்த்தா இன்னும் நல்லாத் தெரியும்.

இதுல முக்கியம் வரிசை. ஏற்கெனவே படி விழுந்த 8 பிட் படத்தை 16 பிட்டுக்கு மாத்தினா தொலைஞ்ச இடைமதிப்பு திரும்ப வராது. அதனால புது ஃபைலை 16 பிட்ல, அச்சிடப்போற அதே அளவுல (எங்களுக்கு 100 பிபிஐ) திறந்து, கிரேடியன்ட்டை முதல்ல இருந்து வரைஞ்சேன். சிஎம்ஒய்கேவுக்கு மாத்தின பிறகு `Filter > Noise > Add Noise`ல 1 சதவீதத்துக்கு உள்ளேயே வச்சு, கடைசியாத்தான் 8 பிட். நாய்ஸ் போட்ட அப்புறம் அளவைச் சுருக்கினா பக்கத்துப் பிக்சல்கள் கலந்து நாய்ஸ் கரைஞ்சிடும்.

அடுத்த தப்பும் என்னோடதுதான். முதல் தடவை படத்தை வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்பியிருந்தேன். ஜேபெக் சுருக்கம் முதல்ல தூக்கி எறியறது இந்த மாதிரி நுண்ணிய, மங்கலான மாற்றங்களைத்தான். நாய்ஸ் போட்டிருந்தாலும் அதுல செத்திருக்கும். இந்தத் தடவை எல்இசட்டபிள்யூ சுருக்கத்துல டிஃப் ஃபைல், பென் டிரைவ்ல நேரா கடைக்கு.

இரண்டாவது பிரிண்ட்ல வரி போச்சு. ஆனா உச்சியில மட்டும் கால் அடிக்கு ஒரே கறுப்புப் பட்டை, அதுக்குக் கீழே ஒரு வெட்டு. இது இங்க் லிமிட். உச்சி நிறம் சி100, எம்90, ஒய்40, கே60. கூட்டினா 290 சதவீதம். அந்த ஃபிளெக்ஸுக்கு அண்ணாச்சி ரிப் சாஃப்ட்வேர்ல வச்சிருந்த உச்சவரம்பு 240. அதுக்கு மேல போன எல்லாமே 240க்கு வெட்டுப்பட்டு ஒரே நிறமாயிடுச்சு. வரம்பை ஏத்தச் சொல்லிக் கேட்டேன். "ஏத்தலாம், ஆனா மை காயாது. சாரல் நேரம் வேற. சுருட்டினா ஒட்டிக்கும்"னார். சரிதான். இந்த எண் கடைக்குக் கடை, ஷீட்டுக்கு ஷீட் மாறும். கேட்டுட்டுத்தான் டிசைனைத் தொடங்கணும். எண் தெரியலைன்னா, கருநிறத்தை 5 சதவீதப் படியா கூட்டி ஒரு துண்டு அடிச்சுப் பாருங்க. எந்தப் படிக்கு மேல வித்தியாசம் தெரியலையோ, அதுதான் உங்க எல்லை.

நான் உச்சியை சி90, எம்75, ஒய்25, கே40ன்னு குறைச்சேன்; கூட்டுத்தொகை 230. திரையில கொஞ்சம் வெளிறின மாதிரிதான் இருந்துச்சு. பேனரை ஆடிட்டோரியம் வாசல்ல கட்டினப்போ, கிட்டப் போனா மெல்லிய மணல் தூவின மாதிரி தெரிஞ்சுது. பத்தடி தள்ளி நின்னா எங்க மொட்டை மாடி வானம்.