வெங்காய வேர் நுனியில் எது முந்தியது, எது பிந்தியது?

வெங்காய வேர் நுனியை நசுக்கி, சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்தால் நாம் பார்ப்பது இறந்த செல்களை. பிரிந்துகொண்டிருக்கும்போதே ஒவ்வொன்றும் ஒவ்வொரு கட்டத்தில் நின்றுபோயிருக்கிறது. எந்தக் கட்டம் முதலில் வந்தது என்பதை ஸ்லைடு சொல்லாது. 1870களின் இறுதியில் ஜெர்மனியின் கீல் நகரில் வால்தர் ஃபிளெமிங்குக்கும் இதே சிக்கல்தான். அவர் சாலமாண்டரின் இளம்பருவத்தில் உயிருள்ள செல்கள் பிரிவதைப் பார்த்து வரைந்தார்; சாயமேற்றிய செல்களின் படங்களை அவற்றோடு ஒப்பிட்டு வரிசையை உறுதிசெய்தார். மைட்டாசிஸ் என்பது அவர் வைத்த பெயர்.

கலைத்துப் போட்ட ஐந்து படங்கள் நம் கையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 'அ'வில் V வடிவக் குரோமோசோம்கள் இரு கூட்டங்களாக நிற்கின்றன. 'ஆ'வில் வட்டத்துக்குள் சிக்கலான நூல்கள். 'இ'யில் நடுவில் ஒரே வரிசை. 'ஈ'யில் இரு சிறிய நியூக்ளியஸ்கள், அவற்றிடையே ஒரு கோடு. 'உ'வில் முழு நியூக்ளியஸ், உள்ளே நியூக்ளியோலஸ்.

முதலில் குரோமோசோம் கூட்டம் ஒன்றா இரண்டா என்று பாருங்கள். உ, ஆ, இ மூன்றிலும் ஒன்றுதான். ஆகவே அவை முன்னால் வரும். 'உ'வில் தனித்தனி நூல்கள் தெரியவில்லை, செல் இன்னும் பிரியத் தொடங்கவில்லை, அது இன்டர்ஃபேஸ். 'ஆ'வில் நூல்கள் தடித்துத் தெரிகின்றன, அது புரோஃபேஸ். 'இ'யில் நியூக்ளியஸ் உறை மறைந்து, பதினாறு குரோமோசோம்களும் நடுக்கோட்டுக்கு வந்துவிட்டன, இது மெட்டாஃபேஸ். அடுத்து வரும் 'அ' அனாஃபேஸ். V-யின் கூர்முனை செல்லின் துருவத்தைப் பார்த்திருக்கும். கயிற்றை நடுவில் பிடித்து இழுத்தால் இரு நுனிகளும் பின்னால் தொங்கிவருமே, அதே கதைதான்: ஸ்பிண்டில் இழை பற்றியிருப்பது சென்ட்ரோமியரை. இங்கே எண்ணினால் ஒவ்வொரு பக்கமும் பதினாறு, செல்லில் மொத்தம் முப்பத்திரண்டு. கடைசியாக 'ஈ', டீலோஃபேஸ். அந்தக் கோடு செல் தட்டு.

பலர் தடுமாறுவது மெட்டாஃபேஸில்தான். துருவத்தின் பக்கமிருந்து பார்த்தால் நடுவரிசை கோடாகத் தெரியாது. குரோமோசோம்கள் வட்டமாகப் பரந்து கிடக்கும். புரோஃபேஸ் என்று எழுதிவிடத் தோன்றும். அப்போது நூல்களின் தடிமனைக் கவனியுங்கள். புரோஃபேஸில் அவை நீண்டு மெலிந்து பின்னிக் கிடக்கும், நியூக்ளியோலஸும் மிச்சமிருக்கலாம். மெட்டாஃபேஸில் குட்டையாக, தடித்து, தனித்தனியாக இருக்கும்; உறையும் இராது.

விளக்கி எழுதும்போது கட்டத்தின் பெயரோடு, குரோமோசோம் எங்கிருந்து எங்கே போனது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். 'குரோமாட்டிடுகள் பிரிந்து எதிரெதிர்த் துருவங்களுக்கு நகர்கின்றன' என்றால் அது அனாஃபேஸ்தான் என்பதில் குழப்பமே வராது. ஸ்லைடில் எந்தக் கட்டம் அதிகம் என்பதை வைத்து வரிசையைத் தீர்மானிக்க வேண்டாம். பெரும்பாலான செல்கள் இன்டர்ஃபேஸில் தெரிவதற்குக் காரணம், செல் அந்த நிலையில்தான் மிக அதிக நேரம் இருக்கிறது.