சீட்டு குலுக்கினால் மட்டும் நியாயமாகிவிடாது

கோடை விடுமுறையில் ஒரு மண்பாண்டப் பயிலரங்கு. இடம் 30, விண்ணப்பம் 240 என்று வைத்துக்கொள்வோம். முந்தியவருக்கே இடம் என்றால், வேகமான இணையம் உள்ளவர்கள்தான் உள்ளே வருவார்கள். குலுக்கலில் எல்லோருக்கும் எட்டில் ஒரு வாய்ப்பு. ஆனால் அதைக் கெடுக்கும் ஓட்டைகள் சில உண்டு.

முதலாவது, இரட்டை விண்ணப்பம். ஒருவரே இரண்டு போட்டால் வாய்ப்பும் ஏறக்குறைய இரட்டிப்பாகும். கைபேசி எண்ணையும் பிறந்த தேதியையும் ஒப்பிட்டுக் களைய வேண்டும். சேர்ந்தே வர விரும்பும் அக்கா, தம்பிக்கு ஒரே சீட்டு. அது வந்தால் இரண்டு இடம்.

பிறகு எண்ணிட்ட பட்டியலை முன்கூட்டியே ஒட்டிவிட வேண்டும். குலுக்கலுக்குப் பின் எந்தப் பெயரும் புதிதாக நுழைய முடியாது.

அடுத்தது, கலக்குவது. 1969 டிசம்பரில் அமெரிக்கா, வியட்நாம் போருக்கு ஆள் எடுக்கப் பிறந்த தேதிகளைக் குலுக்கியது. மாதவாரியாகப் போட்ட குப்பிகள் சரியாகக் கலக்கப்படவில்லை. கடைசியாக விழுந்த டிசம்பர் தேதிகள் அளவுக்கு மீறி முன்னால் வந்தன. எனவே ஒரே அளவுச் சீட்டுகளை அகலமான பாத்திரத்தில் கொட்டி, எல்லோர் முன்னிலையிலும் நன்றாகக் கிளற வேண்டும்.

முப்பதோடு நிறுத்தாமல் இன்னும் 20 சீட்டு எடுத்து, அதே வரிசையில் காத்திருப்போர் பட்டியலை அறிவியுங்கள். யாராவது விலகினால் அடுத்தவரை அழைக்கலாம்; சிபாரிசுக்கு அங்கே வேலையில்லை.