ஒரே ஸ்லைடரில் மடங்கும் விரல்கள்

அனிமேஷன் படத்தில் ஒரு பாட்டி டம்ளரைப் பிடித்துத் தண்ணீர் குடிக்கிறாள் என்றால், அவள் விரல்களை யாரோ ஒருவர் மடக்கியாக வேண்டும். முப்பரிமாண உருவத்தின் ஒரு கையில் விரல் எலும்புகளே 14 இருக்கும்: கட்டைவிரலுக்கு 2, மற்ற நான்குக்கும் மும்மூன்று. காட்சிக்குக் காட்சி இத்தனையையும் தனித்தனியே திருப்புவது சலிப்பான வேலை. அதற்காகத்தான் எல்லா விரல்களையும் சேர்த்து மடக்கும் ஒரு ஸ்லைடரைச் செய்துவைக்கிறார்கள். 0 என்றால் விரித்த கை, 1 என்றால் இறுகிய முஷ்டி.

இலவச மென்பொருளான பிளெண்டரில் இதைச் செய்பவர்கள் முதலில் யோசிப்பது, எல்லா எலும்புகளையும் ஒரே அளவு திருப்பிவிடலாம் என்றுதான். நான்கு விரல்கள் ஓரளவு ஒத்துழைக்கும், கட்டைவிரல் கெடுத்துவிடும். அது மற்ற விரல்களைப் போல மடங்குவதில்லை, அடியிலிருந்து உள்ளங்கையின் குறுக்கே திரும்பி வருகிறது. எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பினால், ஸ்லைடர் பாதி வழியில் இருக்கும்போது கட்டைவிரல் ஆள்காட்டி விரலுக்குள் புகுந்து நிற்கும்.

இதற்கு நல்ல வழி, கை மூடுவதையே ஒரு குட்டி அனிமேஷனாகச் செய்துவிடுவது. 1ஆம் ஃபிரேமில் விரித்த கை, 10ஆம் ஃபிரேமில் முஷ்டி. கட்டைவிரலை மட்டும் 6ஆம் ஃபிரேம் வரை அசையாமல் வைத்தால், மற்றவை மடங்கியபின் அது வெளிப்பக்கமாக வந்து படியும். சுண்டுவிரல் ஒரு ஃபிரேம் முன்னால் கிளம்பினால் கைக்கு உயிர் வந்துவிடும் என்பது என் எண்ணம். பிறகு ஒவ்வொரு விரல் எலும்புக்கும் ஆக்‌ஷன் கன்ஸ்ட்ரெயின்ட் போட்டு, அதன் `Evaluation Time` எண்ணை ஸ்லைடரோடு டிரைவரால் இணைக்க வேண்டும். ஸ்லைடரை நகர்த்தினால் அந்தக் குட்டி அனிமேஷன் முன்னும் பின்னும் ஓடும்.

எலும்பின் சொந்தத் திருப்பத்தை இந்த முறை பூட்டிவைப்பதில்லை. டிரைவரை நேரடியாகத் திருப்பத்தின் மீதே போட்டால் அந்த விரலைக் கையால் திருத்த முடியாது. பாட்டியின் டம்ளருக்கு அந்தத் திருத்தம் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் டம்ளர் எங்கே இருக்கிறது என்பது ஸ்லைடருக்குத் தெரியாது. 0.6 வரை இழுத்து, கேமராவை உள்ளங்கைப் பக்கம் திருப்பிப் பார்த்தால் நடுவிரல் நுனி உலோகத்துக்குள் புதைந்திருக்கும், சுண்டுவிரல் தொடாமல் நிற்கும். இரண்டையும் கொஞ்சம் திருத்தினால் பிடி சரியாகிவிடும்.

சுட்டிக்காட்டுவது, பேனா பிடிப்பது போன்றவை ஸ்லைடருக்குள் அடங்காது. அவற்றைப் போஸ் லைப்ரரியில் சேமிக்க வேண்டும். அப்போது விரல் எலும்புகளை மட்டும் தேர்ந்தெடுங்கள். முழங்கையும் சேர்ந்துவிட்டால், பேனாப் பிடியைப் போட்டதும் கை முழுவதும் வேறிடத்துக்குத் தாவிவிடும். எலும்புகளின் பெயர்கள் `.L`, `.R` என்று முடிந்தால், இடக்கைக்குச் சேமித்த பிடியையே வலக்கைக்குத் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம்.