கதைக்கரு: கலிங்கும் கட்டுரையும்

கதையைச் சென்ற வாரமே சொல்லியாயிற்று. தவறவிட்டவர்களுக்கு ஒரு வரி: ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், ஊர் ஏரியைப் பற்றிக் கட்டுரை எழுதிய ஒன்பதாம் வகுப்புப் பையன், 'இது பையன் எழுத்தில்லை' என்கிற போட்டிக் குழு, பையனோடு பேசியே ஆசிரியர் அது அவன் எழுதியதுதான் என்று அறிகிறார். கதையின் முடிவை இந்த வாரம் பார்ப்பதாகச் சொல்லியிருந்தேன். ஆனால் பேச்சை வைத்து அப்படி அறிய முடியுமா என்ற கேள்வி குறுக்கே நிற்கிறது. முடியாதென்றால் முடிவைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

முடியும் என்பதற்குச் சான்று கட்டுரைக்குள்ளேயே இருக்க வேண்டும். பையன் கலிங்கைப் பற்றி எழுதியிருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். ஏரி நிரம்பியதும் மிகுதி நீர் கலிங்கின் மேல் வழிந்து கீழேயுள்ள ஏரிக்குப் போகும். கலிங்கை ஓரடி உயர்த்தினால் ஓரடி நீர் கூடுதலாக நிற்குமே என்று கட்டுரை தொடங்குகிறது. உயர்த்தினால் மேற்புறத்து வயல்கள் மூழ்கும், கரைக்கும் ஆபத்து என்று முடிகிறது. விஷயம் தெரிந்த பெரியவர் எழுதியிருந்தால் முடிவிலிருந்துதான் தொடங்கியிருப்பார். அந்தத் தவறான யோசனை அவருக்குத் தோன்றியே இருக்காது. ஆசிரியர் கட்டுரையில் இல்லாத ஒன்றைக் கேட்கிறார்: "ஏரியில வண்டல் மேடிட்டுப்போச்சுன்னா என்னப்பா பண்ணுவே?" "தூர் வாரணும் சார்" என்கிறான். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா மடைக்குக் கீழே தோண்டினா அந்தத் தண்ணி மடை வழியா வயலுக்கு வராதே சார்" என்று தன்னையே திருத்துகிறான். கட்டுரையில் யோசனை நடந்த அதே தடத்தில் பேச்சிலும் நடக்கிறது: முதலில் ஒரு பாய்ச்சல், பிறகு அதற்குத் தானே போடும் தடை. ஆசிரியர் அறிவது இந்தத் தடத்தைத்தான்.

சொல்லிக்கொடுத்து அனுப்பிய பையனும் பதில் சொல்வானே என்று கேட்கலாம். சொல்வான், ஆனால் சொல்லிக்கொடுத்தவர் எதிர்பார்த்த கேள்விகளுக்குத்தான் பதில் கையிலிருக்கும். எதிர்பாராத கேள்வியில் தவறி, பிறகு திருத்திக்கொள்வதை யாரும் முன்கூட்டிப் பயிற்றுவிக்க முடியாது. இதைவிட வலுவான மறுப்பு ஒன்று 1892-இல் அமெரிக்காவின் பாஸ்டனில் கிடைக்கிறது. இந்த வாரம் இடத்தை அதிகம் பிடித்துக்கொண்டதும் அதுதான்.

பார்வையும் செவிப்புலனும் இல்லாத ஹெலன் கெல்லர், 11 வயதில் உறைபனி அரசனைப் பற்றி ஒரு கதை எழுதி, பெர்கின்ஸ் பள்ளியின் இயக்குநர் அனக்னோஸுக்குப் பிறந்தநாள் பரிசாக அனுப்பினாள். அவர் மகிழ்ந்து அச்சிட்டார். மார்கரெட் கான்பி பல ஆண்டுகளுக்கு முன் எழுதிய கதையை அது பெரிதும் ஒத்திருந்தது பின்னர் தெரியவந்தது. பள்ளி ஒரு குழு அமைத்தது. ஆசிரியை ஆன் சலிவனை வெளியே அனுப்பிவிட்டுச் சிறுமியைத் தனியே விசாரித்தார்கள். அந்தக் கதையை யாரோ வாசித்துக் காட்டியது நினைவிருக்கிறது என்று ஒப்புக்கொள்ள வைப்பதிலேயே குறியாக இருந்தார்கள் என்று 1903-இல் வெளிவந்த தன் வரலாற்றில் கெல்லர் எழுதுகிறார். குழுவின் எட்டு வாக்குகள் நான்குக்கு நான்காகப் பிரிந்தன. அனக்னோஸின் வாக்கு சிறுமியைக் காப்பாற்றியது. 1888 கோடையில் அந்தக் கதை அவளுக்கு வாசித்துக் காட்டப்பட்டிருக்க வேண்டும் என்பதே பிறகு கிடைத்த விளக்கம். கேட்டது மறந்துபோய்ச் சொற்கள் மட்டும் தங்கிவிட்டன. அவற்றைத் தன்னுடையவை என்றே அவள் நம்பினாள்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் தெளிகின்றன. சொற்கள் எங்கிருந்து வந்தன என்பதைப் பேச்சு காட்டாது. எழுதியவருக்கே அது தெரியாமல் இருக்கலாம். யோசித்தது யார் என்பதை மட்டுமே அது காட்டும். ஆகவே நம் கதையில் கட்டுரை வருணனையாக இருக்கக் கூடாது, வாதமாக இருக்க வேண்டும். இரண்டாவது, பாஸ்டனில் நடந்தது உரையாடலே அல்ல, விசாரணை. பயந்த குழந்தையிடம் யோசனையின் தடம் வெளிப்படாது. நம் ஆசிரியர் ஓய்வுபெற்றவர் என்பது கதைக்குத் தேவையாவது இங்கேதான். மதிப்பெண் அவர் கையில் இல்லை, அதனால் பையன் அவர் முன்னால் தயங்காமல் தவறுகிறான். அந்தத் தவறுதான் சான்று. நன்றாக எழுதி, வாய் திறக்கக் கூசும் பிள்ளை என்ன ஆவான் என்றால், அவனுடைய மௌனம் எதையும் நிரூபிக்காது. 'இவன்தான்' என்று சொல்லப் பேச்சு போதும். 'இவனில்லை' என்று சொல்லப் போதாது. இந்த வேறுபாட்டை மறக்கும் கதாசிரியர் தன் ஆசிரியரையே இன்னொரு விசாரணைக் குழுவாக்கிவிடுவார்.

முடிவுக்கு இடமில்லாமல் போயிற்று. ஆசிரியருக்குத் தெரிந்துவிட்டது, சரி. அந்தப் பேச்சைக் கேட்டிராத குழுவுக்கு அதை எப்படித் தெரிவிப்பார்? பையனை அவர்கள் முன் நிறுத்தினால் அது மறுபடியும் பாஸ்டன் ஆகிவிடும். அடுத்த வாரம் அதிலிருந்து தொடங்குவோம்.