மூன்று மாதக் கடனின் தடம்

ஃபோர்டிஸ் ஹெல்த்கேர் மருத்துவமனைக் குழுமத்தின் துணை நிறுவனமான ஃபோர்டிஸ் ஹாஸ்பிட்டல்ஸ், மூன்று நிறுவனங்களுக்குப் பல நூறு கோடி ரூபாயைக் குறுகிய காலக் கடனாகக் கொடுத்திருந்தது. அவற்றின் பெயர்கள் பெஸ்ட் ஹெல்த்கேர், ஃபெர்ன் ஹெல்த்கேர், மோட்லேண்ட் வேர்ஸ். 2018 பிப்ரவரியில் இது செய்தியாக வெடித்தது. கடன் கொடுத்தபோது அவை வெளி நிறுவனங்கள் என்றும், பங்குடைமை மாறிய பிறகே தொடர்புடைய தரப்பினர் ஆயின என்றும் ஃபோர்டிஸ் விளக்கம் தந்தது. அதே மாதம் புரமோட்டர்களான மல்விந்தர் சிங்கும் சிவிந்தர் சிங்கும் இயக்குநர் குழுவிலிருந்து விலகினார்கள். அக்டோபரில் வெளியான செபியின் இடைக்கால உத்தரவு, சுமார் 403 கோடி ரூபாயை வட்டியோடு அவர்களிடமிருந்தும் அவர்களோடு இணைந்த நிறுவனங்களிடமிருந்தும் மீட்கச் சொன்னது.

செபியின் உத்தரவு விவரித்த முறைதான் இதில் கவனிக்க வேண்டியது. காலாண்டின் தொடக்கத்தில் கடன் போகும், காலாண்டு முடிவதற்குள் திரும்பி வரும், அடுத்த காலாண்டு பிறந்ததும் மறுபடி போகும். இருப்புநிலைக் குறிப்பு ஒரே ஒரு நாளின் நிலையை மட்டுமே காட்டும் என்பதால், அந்த நாளில் கடன் பாக்கி தென்படாது. பணமோ வருடம் முழுக்க வெளியில்தான் இருந்திருக்கும்.

ஆண்டறிக்கையில் தொடர்புடைய தரப்பினர் குறிப்பைப் படிப்பவர்கள் வழக்கமாக இரண்டு அட்டவணைகளைப் பார்ப்பார்கள். ஆண்டு முழுவதும் நடந்த பரிவர்த்தனைகளை ஒன்றும், ஆண்டு இறுதியில் நிலுவையில் உள்ள தொகையை இன்னொன்றும் காட்டும். இந்தியக் கணக்கியல் தரம் 24 இரண்டையும் கேட்கிறது. ஆனால், யாரைத் தொடர்புடையவர் என்று நிர்வாகம் அடையாளம் காட்டுகிறதோ அவரைப் பற்றித்தான் அந்தக் குறிப்பு பேசும். மறைக்க நினைப்பவர் கடன் வாங்குபவரை வெளியாராகவே வைத்திருப்பார். அதனால் குறிப்புக்குள் மட்டும் தேடினால் போதாது. அதில் இருப்பதையும் மற்றப் பக்கங்களில் இருப்பதையும் ஒட்டிப் பார்க்க வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது வட்டி வருமானம். கடனை ஆண்டு இறுதிக்குள் திருப்பி வாங்கிவிடலாம். ஆனால் அது வெளியில் இருந்த நாட்களுக்கான வட்டி லாப நட்டக் கணக்கில் ஏறிவிடும். ஒரு கற்பனை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். ‘இதர வருமானம்’ குறிப்பில், வங்கி வைப்புகளின் வட்டி தனியாகவும், பிற நிறுவனங்களிடம் வைத்த வைப்புகளின் வட்டி 36 கோடி ரூபாயாகவும் இருக்கிறது. வட்டி விகிதம் 12 சதவீதம் என்று இன்னொரு குறிப்பு சொல்கிறது. 36 கோடியை 12 சதவீதத்தால் வகுத்தால், ஆண்டு முழுவதும் சராசரியாக 300 கோடி ரூபாய் வெளியில் இருந்திருக்க வேண்டும். ஆண்டுத் தொடக்கத்திலும் முடிவிலும் நிலுவை 40 கோடிதான். மீதி 260 கோடி இடைப்பட்ட நாட்களில் எங்கே இருந்தது?

இந்த இடைவெளி மட்டும் தவறுக்குச் சாட்சி ஆகாது. ஆண்டின் நடுவில் ஒரு நல்ல நிறுவனத்துக்குக் கொடுத்து நேர்மையாகத் திரும்பப் பெற்ற பணமாகவும் இருக்கலாம். எனவே முந்தைய மூன்று, நான்கு ஆண்டுகளுக்கும் இதே கணக்கைப் போட வேண்டும். ஒவ்வொரு ஆண்டும் சராசரி பெரிதாகவும் இறுதி நிலுவை சிறிதாகவும் வந்தால், அதைத் தற்செயல் என்று கடந்து போக முடியாது.

பணப்புழக்க அறிக்கையில் ‘கொடுத்த கடன்’, ‘திரும்பிய கடன்’ என்று இரண்டு வரிகள் தனித்தனியே இருந்தால் வேலை எளிது. 300 கோடி நான்கு முறை போய் வந்திருந்தால் இரண்டு வரிகளிலும் 1,200 கோடி நிற்கும். இங்கே ஒரு வரம்பு உண்டு. மூன்று மாதத்துக்குள் முதிர்வடையும், விரைவாகச் சுழலும் பெரிய தொகைகளை வரவையும் செலவையும் கழித்து நிகரமாகக் காட்டப் பணப்புழக்கத்துக்கான தரம் 7 அனுமதிக்கிறது. அப்படிக் காட்டியிருந்தால் 1,200 கோடியின் ஓட்டம் ஒரு சிறிய எண்ணுக்குள் மறைந்துபோகும். காலாண்டுக்குள் முடியும் கடன் இந்தச் சலுகைக்குள் அடங்கிவிடக்கூடியது என்பதால்தான் வட்டிக் கணக்கை முதலில் வைத்தேன்.

அடுத்தது, எந்த நிறுவனத்தின் அறிக்கையைப் படிக்கிறோம் என்பது. ஃபோர்டிஸில் கடனைக் கொடுத்தது துணை நிறுவனம். தாய் நிறுவனத்தின் தனி அறிக்கையில் துணை நிறுவனத்துக்குப் போன பணம் மட்டுமே தெரியும், அதற்குப் பிறகு அது போன இடம் தெரியாது. ஒருங்கிணைந்த அறிக்கையில் குழுமத்துக்குள் நடந்த பரிமாற்றங்கள் நீக்கப்பட்டிருக்கும், வெளியாருக்குப் போன கடனோ பெரிய தொகைகளோடு கலந்திருக்கும். பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் தங்கள் துணை நிறுவனங்களின் கணக்குகளை இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்று நிறுவனங்கள் சட்டத்தின் 136ஆவது பிரிவு கேட்கிறது. பணத்தைப் பின்தொடர அந்தத் தனி அறிக்கையைத் திறந்தே ஆக வேண்டும்.

கடன் வாங்கியவரின் பெயர் கிடைத்துவிட்டால் அடுத்த படி நிறுவனங்கள் விவகார அமைச்சகத்தின் தளம். பதிவு முகவரி, இயக்குநர்கள், செலுத்திய மூலதனம், சொத்துகள் மீதான அடமானப் பதிவுகள் எல்லாம் அங்கே கிடைக்கும். ஒரு சிறு கட்டணம் செலுத்தினால் அந்த நிறுவனத்தின் சொந்த இருப்புநிலைக் குறிப்பையும் பார்க்கலாம். வியாபாரமே இல்லாத, மூலதனம் மிகச் சிறியதான ஒரு நிறுவனம் நூறு கோடி கடன் வாங்கியிருந்தால், அந்தப் பணத்தை அது யாருக்குக் கொடுத்தது என்று அதன் கடன் குறிப்பில் தேடுங்கள். ஃபோர்டிஸ் விவகாரத்தை ஆராய்ந்த லூத்ரா அண்ட் லூத்ரா சட்ட நிறுவனத்தின் அறிக்கையும் இந்த அடுத்த கட்டத்தைத்தான் சுட்டியது. கடன் பெற்ற நிறுவனங்கள் அந்தப் பணத்தை வேறு நிறுவனங்களுக்குக் கடன் கொடுக்கவோ கடன் அடைக்கவோ பயன்படுத்தியிருந்தன. அவற்றுள் சிலவற்றின் இயக்குநர்களோ புரமோட்டர்களோ ஃபோர்டிஸ் புரமோட்டர்களுக்கு அறிமுகமானவர்கள், அல்லது அவர்களோடு தொடர்புள்ளவர்கள்.

பொதுவான முகவரியோ பொதுவான இயக்குநரோ ஒரு துப்பு மட்டுமே. கணக்கு அலுவலகங்களின் முகவரியில் நூற்றுக்கணக்கான நிறுவனங்கள் பதிவாகியிருக்கலாம். பணம் போன திசையும் அதே பக்கம் சுட்டினால்தான் துப்பு வலுப்பெறும். தொடர்புடையவர்கள் பட்டியலையும் ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட வேண்டும். கடன் கொடுத்த பிறகு திடீரென உள்ளே வந்த பெயரும், கடன் பாக்கி இருக்கும்போதே பட்டியலிலிருந்து மறைந்த பெயரும் ஒரே அளவு கவனத்துக்குரியவை.

விதிகள் பிறகு இறுகின. வெளியாரோடு செய்த பரிவர்த்தனையானாலும், அதன் நோக்கமும் விளைவும் தொடர்புடைய தரப்புக்கு நன்மை செய்வதாக இருந்தால் அதுவும் இந்த வகையில் சேரும் என்று செபி வகுத்த விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இடையில் ஒரு பெயரை நுழைப்பதால் மட்டும் இனித் தப்ப முடியாது. ஆனால் அந்த நோக்கத்தை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியவர் நிர்வாகமே. அதனால் வாசகரின் வேலை முடிந்துவிடவில்லை.

துணை நிறுவனங்களுக்கும் இணை நிறுவனங்களுக்கும், இயக்குநர்களுக்கு அக்கறை உள்ள நிறுவனங்களுக்கும் கொடுத்த கடனில், ஆண்டு முழுவதும் எட்டிய அதிகபட்ச நிலுவையையும் ஆண்டறிக்கையில் சொல்ல வேண்டும் என்பது செபியின் பட்டியலிடல் விதி. அந்த எண் வெளியாருக்குக் கொடுத்த குறுகிய காலக் கடனுக்குக் கட்டாயமில்லை. ஆகவே ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பங்குதாரர் கேட்க வேண்டிய கேள்வி இது: பிற நிறுவனங்களிடம் வைத்த வைப்புகளில், ஒவ்வொரு பெயருக்கும் ஆண்டின் அதிகபட்ச நிலுவை எவ்வளவு, அது எந்தத் தேதியில் இருந்தது? கையில் வட்டிக் கணக்கை வைத்துக்கொண்டு கேட்டால், வரும் பதிலைச் சரிபார்க்கவும் அதே கணக்கு உதவும்.