ஜூன் மாதத்துக்கு ஜூலையிலேயே சேர்ப்போம்

ஆண்டுக்கு ஒரு முறை வரும் செலவை எதிர்பாராத செலவு என்று சொல்ல முடியாது. ஜூனில் பள்ளிக்கட்டணம் வரும் என்பதும், வண்டியின் இன்சூரன்ஸ் எந்தத் தேதியில் முடியும் என்பதும் நமக்கு முன்பே தெரியும். தெரிந்திருந்தும் அந்த நாள் வரும்போது கையில் பணமின்றிப் பலர் கிரெடிட் கார்டை நீட்டுகின்றனர்.

அந்தக் கார்டு என்ன செய்கிறது என்று பாருங்கள். ரூ.30,000 கட்டணத்தைக் கார்டில் செலுத்திவிட்டு, கெடுவுக்குள் முழுத்தொகையையும் அடைத்துவிட்டால் வட்டி இல்லை. அடைக்க இயலாதபோதுதான் வட்டி எனும் ஹராம் இல்லத்தினுள் நுழைகிறது. மாதம் மூன்றரை சதவீதம் என்று கொண்டால் வட்டி ரூ.1,050, அதன்மீது 18 சதவீத வரி ரூ.189. வங்கி கேட்கும் குறைந்தபட்சத் தொகை ஐந்து சதவீதம், அதாவது ரூ.1,500 என வைத்துக்கொள்வோம். அதைக் கட்டினால் அசலில் குறைவது ரூ.261 மட்டுமே! போதாக்குறைக்கு, பாக்கி நிற்கும் காலத்தில் அதே கார்டில் வாங்கும் மளிகைக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும்.

இதற்கு மாற்று, மாதந்தோறும் ஒதுக்கி வைக்கும் நிதி. ஒரு குடும்பத்தின் கணக்கை எடுத்துக்கொள்வோம். இரு பிள்ளைகளின் பள்ளிக்கட்டணம் ஜூனில் ரூ.30,000, நவம்பரில் ரூ.18,000. வண்டி இன்சூரன்ஸ் ஜனவரியில் ரூ.9,000. மருத்துவக் காப்பீடு மார்ச்சில் ரூ.15,000. (வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி கட்டாயம். மருத்துவக் காப்பீடு குறித்து உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதற்குள் இங்கு நாம் செல்லவில்லை.) மொத்தம் ரூ.72,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் ரூ.6,000.

இவ்வளவுதானே என்று எண்ணிவிடாதீர்கள். பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான். வகுத்த தொகை சரியாக இருந்தாலும், தொடங்கும் மாதம் தவறினால் நிதி நடுவழியில் வற்றிவிடும். ஜூன் கட்டணம் கட்டி முடித்த கையோடு ஜூலை முதல் தேதியில் தொடங்கினால், நவம்பரில் ரூ.30,000 சேர்ந்திருக்கும், ரூ.18,000 கட்டியபின் ரூ.12,000 மீதமிருக்கும். ஜனவரிச் செலவுக்குப்பின் ரூ.15,000, மார்ச்சுக்குப்பின் ரூ.12,000 என்று நின்று, ஜூனில் சரியாக ரூ.30,000 ஆகிவிடும். ஒரு மாதமும் குறையாது.

அதே குடும்பம் அக்டோபரில் தொடங்கினால்? நவம்பரில் இருப்பது ரூ.12,000, வேண்டியதோ ரூ.18,000. அந்த ரூ.6,000ஐ எப்படியோ புரட்டினாலும் ஜூன் வரும்போது மொத்தக் குறைவு ரூ.18,000 ஆகிவிடும். தவறவிட்ட மூன்று மாதங்களின் தொகையே அது. ஆகவே இடையில் தொடங்குவோர், போனஸ் போன்ற ஒரு வரவிலிருந்து அத்தொகையை முதலிலேயே போட்டுவிட வேண்டும். அது இயலாதவர் முதல் இரு மாதங்கள் ரூ.9,000 வீதமும், பின்னர் ஜூன் வரை ரூ.8,000 வீதமும் ஒதுக்கினால் தப்பலாம். ஜூலையிலிருந்து ரூ.6,000 போதும்.

நிதி ஒழுங்காக இருக்கிறதா என்று அறிய எளிய வழி ஒன்றுண்டு. ஒவ்வொரு மாதமும் எவ்வளவு இருப்பு இருக்க வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதி, அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். ஜூலையில் தொடங்கிய நம் குடும்பத்துக்குப் பிப்ரவரியில் ரூ.21,000 இருக்க வேண்டும். பாஸ் புத்தகம் ரூ.16,000 என்று காட்டினால், யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று பொருள். மார்ச் தொடக்கத்தில் தெரியும் ரூ.27,000 நம் கண்ணுக்கு உபரியாகத் தோன்றும். மைத்துனர் வீட்டுத் திருமணத்துக்கு மொய் வைக்கக்கூட மனம் அதைத் தேடும். அதில் ரூ.15,000 அந்த மாதமே போய்விடும். எஞ்சியது பள்ளிக்கூடத்தின் பணம்.

வீட்டுச் செலவுக் கணக்கோடு இதைக் கலக்காமல், ஏ.டி.எம். அட்டை இல்லாத தனிக்கணக்கில் வைப்பது நலம். மாதத்தவணை வைப்புக்கணக்கு வசதியானதே. ஆயினும் அதில் கிடைப்பது வட்டி. சேமிப்புக் கணக்கில் சேரும் சிறு வட்டியை என்ன செய்வது என்பதை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஜகாத் கணக்கிடும் நாளில் இந்தப் பணம் கையிருப்பில் சேருமா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம். ஒதுக்கி வைத்தாலும் கட்டும் வரை அது உங்கள் உடைமைதானே!

கட்டணம் ஆண்டுதோறும் ஏறும். ஆகவே ஜூனில் புதிய ரசீதுகள் வந்ததும் மொத்தத்தை மீண்டும் கூட்டி வகுத்துப் பாருங்கள். ரூ.72,000 என்பது ரூ.78,000 ஆனால் மாதத்தொகை ரூ.6,500 ஆகும். வண்டி இன்சூரன்ஸை மட்டும் ஒருநாள்கூடத் தாமதிக்க வேண்டாம். அது முடிந்தபின் வண்டியைச் சாலையில் எடுப்பது குற்றம். 90 நாட்களுக்குள் புதுப்பிக்காவிட்டால், இழப்பீடு கோராத ஆண்டுகளுக்காகச் சேர்ந்து வந்த தள்ளுபடியும் போய்விடும்.