கைமரத்தில் கரையான்

"போன வருஷம் கைமரத்துக்கு வெங்காரம் அடிச்சேன், மறுபடி கரையான் வந்திடுச்சே" என்றார் ஒருவர். போய்ப் பார்த்தேன். ஓடு ஒழுகியிருந்தது. வெங்காரம் தண்ணீரில் கரைவதுதானே, மழையில் கழுவிப் போய்விட்டது.

முதலில் ஓட்டைச் சரிசெய்யச் சொன்னேன். தட்டினால் பொந்துச் சத்தம் வந்த கைமரங்களை மாற்றணும். தின்ற மரத்தை மருந்து திருப்பித் தராது. புது மரத்துக்கு, பத்து லிட்டர் வெந்நீரில் 600 கிராம் வெங்காரம், 400 கிராம் போரிக் அமிலம் கரைத்து, சூடு ஆறுமுன் இரண்டு மூன்று தடவை பூசலாம். ஈர மரமானால் பூசிப் பாலிதீன் தாளால் மூடி வையுங்கள், ஈரத்தோடு உள்ளே இறங்கும். வார்னிஷ் அடித்த கட்டிலில் இறங்காது; சுரண்டிவிட்டுப் பூசணும்.

சுவருக்குள் போகும் நுனிக்கு, மரம் நன்றாகக் காய்ந்தபின், கிரியோசோட் எண்ணெய் நல்லது, மழைக்குக் கரையாது. ஆனால் வாடை போகாது. கட்டிலுக்கும் தானியக் குதிருக்கும் வேண்டாம்.

இரண்டுமே பூசிய மரத்தைத்தான் காக்கும். மண்ணிலிருந்து வரும் கரையான் அதன் மேலேயே மண்குழாய் கட்டி, பூசாத ரீப்பருக்குப் போய்விடும். மாதம் ஒருதரம் டார்ச் அடித்துச் சுவரைப் பாருங்க.